நிறுத்து, அந்த இடத்திலே!

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் அதைவிடப் பாக்கியம் வேறில்லை. மலைக்கோயிலும் வயலும் பின்னால் போக, மூக்கில் உப்புக் காற்று ஏறும்போது, கடல் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். அன்று நான் போனது சிற்பம் பார்க்க அல்ல. ஒரு பையன் கடலில் விழுவதைப் பார்க்கத்தான் போனேன். அதுவும் ஒரு தடவை அல்ல; ஆறு தடவை!

கரையில் நின்று அவன் விழுவதைப் பார்த்துக் கொண்டிருப்பது பெரிய காரியமில்லை. விழுந்ததைப் படம் பிடித்து, படத்தை ஓடவிட்டு, சரியான இடத்தில் நிறுத்தி, அதன் மேல் ஒரு வட்டமோ அம்போ போட்டு, "இங்கேதான் தப்பு" என்று காட்டுகிறார்களே, அந்த வித்தையைப் பார்க்கவே போனேன். கிரிக்கெட் ஒளிபரப்பில் இதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஓடும் படத்தின் மேல் கோடு கிழிக்கிற கருவியை லெனார்ட் ரைஃபெல் என்ற அமெரிக்கப் பௌதிக விஞ்ஞானி 1950-களிலேயே யோசித்துச் செய்தார். 1982 ஜனவரியில் நடந்த சூப்பர் பவுல் கால்பந்து ஆட்டத்தின்போது ஜான் மேடன் என்ற வர்ணனையாளர் திரையில் கோணல்மாணலாகக் கோடு கிழித்துக் காட்டினார். அப்புறம் அது வீட்டுக்கு வீடு தெரிந்த சங்கதியாகிவிட்டது. இன்று அதற்குத் தனி யந்திரம் தேவையில்லை. கைபேசியிலும் முடியும், கினோவியா என்ற இலவசச் செயலியைக் கணினியில் போட்டுக்கொண்டாலும் முடியும்.

ஆனால் அலைச்சறுக்குக்கு இதைச் செய்வது தனித் தலைவலி. ஏன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

*

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலை ஒட்டிய பாறைகளைச் சுற்றி, தென்மேற்குப் பருவ மாதங்களில் தெற்கேயிருந்து அலை வளைந்து வந்து உடைகிறது. நம் கரை கிழக்கே பார்த்த கரை. ஆகவே பலகையில் நிற்பவன் வடக்கு நோக்கி, அதாவது கரையைப் பார்த்தபடி தன் வலப் பக்கமாகச் சறுக்கிக் கொண்டு போவான். இந்த அலைக்கு நல்ல பேர் உண்டு. 2023 ஆகஸ்டில் இங்கே சர்வதேசப் போட்டி நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஷிப் நடந்தபோது, கர்நாடகத்தைச் சேர்ந்த ரமேஷ் புடிஹால் ஆடவர் பிரிவில் வெண்கலம் வாங்கினார்.

நம் பையன் அந்த அளவுக்கு இன்னும் வரவில்லை. வயது பதினாறு. மீனவக் குப்பத்துப் பிள்ளை. பெயரைச் சொல்லவேண்டாம், பையன் என்றே வைத்துக்கொள்வோம். சென்ற ஆண்டு இரண்டு போட்டிகளில் முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிட்டான். இந்தப் போட்டியில் ஒவ்வொரு அலைக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, அவற்றில் சிறந்த இரண்டைத்தான் கூட்டுகிறார்கள். பத்து அலை எடுத்து எட்டில் விழுந்தாலும் பரவாயில்லை. மற்ற இரண்டும் முழுசாக வரவேண்டும். பையனுக்கு ஒன்று வரும், இரண்டாவது வராது. உச்சிக்குப் போய் மடக்கித் திரும்புகிற இடத்தில் பொத்தென்று விழுவான்.

அவன் அப்பாவுக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. செங்கற்பட்டில் தெரிந்தவர் ஒருவருடைய ஒர்க்‌ஷாப்பில் சொல்லி வைத்திருந்தார். அடுத்த மாதம் முதல் தேதி பையன் அங்கே போய்ச் சேரவேண்டும். அதற்கு இருபது நாள்தான் பாக்கி.

*

பயிற்சியாளரும் அதே குப்பத்துக்காரர்தான். முப்பது வயதிருக்கும். காலை ஆறு மணிக்கு முக்காலியை மணலில் ஊன்றிக் கைபேசியை அதன் தலையில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு சீக்கிரமாகவா?" என்று கேட்டேன்.

"இப்பத்தான் ஸார் கரைக்காத்து. அலையோட முகத்தைத் தடவி விட்டமாதிரி வச்சிருக்கும். ஒம்பது, ஒம்பதரைக்குக் கடக்காத்து திரும்பிடும். அப்புறம் தண்ணி கொதகொதன்னு ஆயிடும்."

"அப்படியானால் சௌகரியம்தானே?"

"எங்கே சௌகரியம்? சூரியனைப் பாருங்க!"

பார்த்தேன், கண் கூசியது. நம் கரையின் வேடிக்கை இதுதான். அலை நன்றாக இருக்கிற வேளையில் சூரியன் கடலுக்கு மேல், காமிராவுக்கு நேர் எதிரே நிற்கிறான். பையன் வெறும் கறுப்பு நிழலாகத்தான் விழுவான். பயிற்சியாளர் பையனுடைய உருவத்தின் மேல் விரலை வைத்து அழுத்தி வெளிச்ச அளவைப் பூட்டினார். அப்படியும் கரிக்கோட்டுச் சித்திரம்தான் வந்தது. "உடம்பு வளைவுக்கு இது ஒண்ணும் மோசமில்லே ஸார். மூஞ்சிதான் தெரியாது" என்றார்.

ஸினிமாப் படச்சுருளில் விநாடிக்கு 24 படம் ஓடுகிறது என்பது நமக்குத் தெரியும். அந்த ஒவ்வொரு படத்தையும் பிரேம் என்பார்கள். கைபேசி வழக்கமாக விநாடிக்கு 30 பிரேம் எடுக்கும். இவர் அதை 60-க்கு மாற்றியிருந்தார். பலகை விநாடிக்கு 5 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 பிரேமில் எடுத்தால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே பையன் 17 சென்டிமீட்டர் போய்விடுவான்; 60-ல் அதில் பாதி. அது மட்டும் போதாது. ஒவ்வொரு பிரேமும் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதும் முக்கியம். அறுபதில் ஒரு பங்கு விநாடி திறந்திருந்தால் அதற்குள் பையன் 8 சென்டிமீட்டர் நகர்ந்து, படத்தை நிறுத்தும்போது கை எது, நுரை எது என்று தெரியாமல் பூசினாற்போல் இருக்கும். ஆயிரத்தில் ஒரு பங்காக்கினால் அரை சென்டிமீட்டர்தான், கத்தரித்தாற்போல் விழும். எதிரே சூரியன் இருப்பதால் வெளிச்சத்துக்குக் குறைவில்லை.

பையன் ஆறு அலை எடுத்தான். ஆறிலும் விழுந்தான். ஒவ்வொரு தடவையும் நான் 'அடடா' என்றேன். பயிற்சியாளர் ஒன்றும் சொல்லவில்லை.

*

பத்து மணிக்கு அவர் வீட்டுத் திண்ணையில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். பையன் தலை துவட்டக்கூட இல்லை.

முதல் துண்டுப் படம் 9 விநாடி. 540 பிரேம். முதலில் அதை எங்கும் நிறுத்தாமல், ஒன்றும் கிறுக்காமல் மூன்று தடவை ஓட்டினார்.

"எங்கேடா தப்பு?"

பையன் விழுகிற இடத்தில் கையை வைத்தான். "இங்கே அண்ணே. ஒதடு மேலே விழுது, நான் கீழே போறேன்."

"போன வருஷம் நானும் அங்கேதான் வட்டம் போட்டுக்கிட்டிருந்தேன்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார் அவர். பழைய படம் ஒன்றையும் திறந்து காட்டினார். ஐயையோ! தலைக்கு ஒரு வட்டம், இரண்டு கைக்கும் இரண்டு, முழங்காலுக்கு ஒன்று, பலகைக்கு ஒன்று, போதாததற்கு நாலு அம்பு. மார்கழி மாதத்து வாசலில் கூட அவ்வளவு கோலம் இருக்காது. பையன் அதைப் பார்த்துவிட்டு "சரி அண்ணே" என்று சொன்னானாம். மறுநாள் அதே இடத்தில் விழுந்தானாம்.

இப்போது என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். பையன் விழுவது ஐந்தாம் விநாடியில். அங்கே நிறுத்தி, ஒவ்வொரு பிரேமாகப் பின்னால் போனார். உச்சியைத் தொடுவது நாலரை விநாடியில். இன்னும் பின்னால் போனார். அலையின் முகத்தில் இறங்கி, அடிவாரத்தில் மடங்கி மேலே ஏறத் தொடங்குவது மூன்றாம் விநாடியில். அங்கே நிறுத்தினார். விழுந்த இடத்துக்கும் இந்த இடத்துக்கும் நடுவே 120 பிரேம்!

இந்த இடத்தில் நிறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பையன் இடது காலை முன்னால் வைத்து நிற்பவன். இறங்கும்போது பலகை கரையைப் பார்க்கிறது. அவன் மார்பு வடக்கே பார்க்கிறது. காமிராவுக்கு அவன் பக்கவாட்டில் தெரிவது அந்த ஒரு கணம்தான். பலகை வடக்கே திரும்பியதும் அவன் முதுகைத்தான் பார்க்க முடியும். முகம் தெரியாவிட்டாலும் பக்கவாட்டு நிழலில் மோவாய் தெரிகிறது. மோவாய் நெஞ்சில் பட்டுக்கொண்டிருந்தது.

தலையைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டார். தலையை மறைக்காதபடி கொஞ்சம் பெரிதாக, மெல்லிய கோட்டில். அங்கிருந்து கீழே, பலகையின் மூக்கை நோக்கி ஒரு சிவப்பு அம்பு. பிறகு மஞ்சளில் ஒரு அம்பு: அதே தலையிலிருந்து இடது பக்கம் மேலே, அலையின் உச்சியில் அவன் போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு. அவ்வளவுதான். சிவப்பு நடந்தது, மஞ்சள் நடக்கவேண்டியது. வெள்ளையை இவர் தொடுவதில்லை. நுரையில் காணாமல் போய்விடும்.

"பலகை மூக்கைப் பார்த்தா தோள் திரும்பாது. தோள் திரும்பலேன்னா பலகை திரும்பாது. தட்டைத் தண்ணி வரைக்கும் ஓடி வேகத்தைத் தொலைச்சிட்டு அப்புறம் ஏறுவே. அதுக்குள்ளே அலை ஒனக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா?"

பையன் பேசவில்லை. படம் அந்தப் பிரேமில் மூன்று விநாடி நின்று, பிறகு ஓடியது. உடனே குறி எதுவும் இல்லாத அதே படத்தை மறுபடி ஓட்டினார். அது ஏன் என்று கேட்டேன். "குறி இருந்தா கண்ணு குறியைத்தான் பாக்கும் ஸார். அதை எடுத்துட்டப்புறம் தானாத் தெரியுதான்னு பாக்கணும்." தெரிந்தது. எனக்கே தெரிந்தது!

*

இங்கே ஒரு எச்சரிக்கை. நின்ற படம் பொய் சொல்லும். யாரையும் பேசிக்கொண்டிருக்கும்போது போட்டோ எடுத்துப் பாருங்கள். வாய் கோணித்தான் இருக்கும். அதுபோல இரண்டாவது துண்டில் பையனுடைய பின்கை காக்காய் ஓட்டுவதுபோல் ஆகாயத்தில் நின்றது. "இதுதான் தப்பு!" என்று நான் முந்திக்கொண்டேன். பயிற்சியாளர் ஆறு பிரேம் தள்ளினார். பத்தில் ஒரு பங்கு விநாடிதான். கை தண்ணீரைத் தொடும் இடத்துக்கு அழகாக வந்துவிட்டிருந்தது. வந்துகொண்டிருந்த கையை நடுவழியில் பிடித்துக் குற்றவாளி ஆக்கியிருக்கிறேன்! எந்தப் பிரேமில் வட்டம் போட்டாலும் முன்னால் ஐந்தாறு, பின்னால் ஐந்தாறு பார்க்காமல் போடக்கூடாது என்றார். எனக்கு அப்புறம் வாய் திறக்கத் தைரியம் வரவில்லை.

முழங்கால் எத்தனை பாகை மடங்கியிருக்கிறது என்று அளந்து காட்டும் கருவியும் அந்தச் செயலியில் இருக்கிறது. இவர் அதைத் தொடுவதே இல்லை. கால் காமிராவுக்கு நேர் குறுக்காக இருந்தால்தான் அந்த அளவு நிஜம். உடம்பு திரும்பத் திரும்ப, கொஞ்சம் மடங்கிய கால் நிறைய மடங்கினாற்போலவும், நன்றாக மடங்கிய கால் நீட்டினாற்போலவும் தோன்றும். திரும்பிக்கொண்டே இருப்பதுதானே இந்த விளையாட்டு?

பையன் போன வழியைக் கோடாகப் போடுவதும் கஷ்டம். கிரிக்கெட்டில் ஸ்டம்பு நட்டது நட்டபடி நிற்கிறது. கடலில் நட்ட கம்பம் ஏது? பையனோடு காமிராவும் திரும்புகிறது. பின்னால் இருப்பதெல்லாம் நகர்கிற தண்ணீர். சென்ற பிரேமில் போட்ட கோடு இந்தப் பிரேமில் வேறெங்கோ தொங்கும். அதற்கு இவர் ஒரு யுக்தி வைத்திருக்கிறார். பலகை அலையின் முகத்தில் வெள்ளையாக ஒரு கீறல் விட்டுப்போகிறதல்லவா? அந்தக் கீறல் மேலேயே அம்பைப் போட்டுவிடுகிறார். அலை அதையும் தூக்கிக்கொண்டு போய்விடும் என்பதால் ஒரு விநாடிக்கு மேற்பட்ட வழியை அதைக் கொண்டு நம்புவதில்லை.

*

மூன்று, நான்கு துண்டுகளிலும் அதே கதைதான். அதே மூன்றாம் விநாடி, அதே மோவாய். இரண்டாவதிலும் என் கை விவகாரம் போக, மோவாய்தான் குற்றவாளி. ஐந்தாவதில் சங்கடம் வந்தது. தலை நிமிர்ந்துதான் இருந்தது. தோளும் திரும்பியிருந்தது. அப்படியும் பையன் விழுந்தான். பயிற்சியாளர் முன்னும் பின்னுமாக நகர்த்தினார். காலைப் பார்த்தார், இடுப்பைப் பார்த்தார். வட்டம் போட இடம் கிடைக்கவில்லை.

அந்த நேரத்தில் பையனுடைய அப்பா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தார். பையன் சட்டென்று எழுந்து நின்றான்.

"வாங்க மாமா, உக்காருங்க" என்றார் பயிற்சியாளர்.

"உக்கார நேரமில்லே மாப்ளே. இவன் இன்னிக்கும் விழுந்தானாமே?" என்றவர், திரையைக் குனிந்து பார்த்தார். படம் ஐந்தாம் துண்டின் இரண்டாம் விநாடியில் நின்றிருந்தது. பையன் அப்போதுதான் பலகையில் காலை ஊன்றி எழுகிறான். அவர் பையனைப் பார்க்கவே இல்லை. விரலை எடுத்துப் படத்தின் இடது ஓரத்தில் வைத்தார்.

"இந்த அலையை ஏண்டா எடுத்தே?"

"ஏன் நைனா?"

"அங்கே பாரு. முன்னாலேயே மேடு மெலிஞ்சு வெளுத்துப் போச்சு. இது வரிசையா ஒடையற அலை இல்லே. மொத்தமா மடியப் போவுது. இதிலே படகையே விடமாட்டேன். நீ பலகையை விட்டிருக்கே."

பயிற்சியாளர் படத்தை நகர்த்தினார். நாற்பது பிரேம் கழித்து, அவர் விரல் வைத்த இடத்தில் அலை சுவர்போல் இடிந்து விழுந்தது. பையன் கீழே என்ன செய்திருந்தாலும் அதில் தப்பியிருக்க முடியாது.

ஆறாவது துண்டையும் போட்டார்கள். அதுவும் மடிகிற அலைதான். மற்ற நாலிலும் அலையில் கோளாறில்லை. அங்கே பையனுடைய மோவாய்தான். பயிற்சியாளர் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "ஸார், இது நான் பண்ண தப்பு" என்றார்.

என்ன தப்பு என்றால், பையன் பெரிதாகத் தெரியவேண்டும் என்று படத்தை நெருக்கி நெருக்கி எடுத்துப் பழகியிருக்கிறார். பையன் படத்துக்கு நட்டநடுவில் இருப்பான். அவன் போகப்போகிற அலை படத்துக்கு வெளியே இருக்கும். இந்த இரண்டு துண்டிலும் அவன் தற்செயலாக வலது ஓரத்தில் இருந்ததால்தான் முன்னால் உள்ள அலை சிக்கியது. போன வருஷத்துப் படங்களில் எத்தனை விழுக்காடு அலையின் குற்றமோ, எத்தனை பையனுடையதோ, இனி யார் சொல்ல முடியும்?

ஐந்தாம் துண்டில், இரண்டாம் விநாடியில், இடது ஓரத்தில் மெலிந்திருந்த மேட்டைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் விழுந்தது. பையன் மேல் ஒரு கோடுகூட இல்லை.

*

மறுநாளும் தங்கினேன். முக்காலி அதே இடத்தில்தான். ஆனால் படம் நெருக்கமாக இல்லை. பையனை வலது பக்கம் மூன்றில் ஒரு பங்கில் வைத்து, இடது பக்கம் இரண்டு பங்கை அலைக்கு விட்டிருந்தார். பையன் சிறிதாகத்தான் தெரிந்தான். மோவாயைப் பார்க்கப் பிற்பாடு படத்தைப் பெரிதாக்கிக் கொள்ளவேண்டியதுதான், துல்லியம் கொஞ்சம் குறையும் என்றார்.

அப்பா கட்டுமரத்து நிழலில் உட்கார்ந்து வலையில் பொத்தல் பார்த்துக் கொண்டிருந்தார். பார்த்தது வலையை மட்டும் அல்ல. பையன் இரண்டு அலையை எடுக்காமல் விட்டான். இரண்டு தடவையும் அவர் தலை லேசாக ஆடியது. மூன்றாவதை எடுத்தான். இறங்கினான், மடங்கினான், ஏறினான், உச்சியில் திரும்பினான். நின்றான்! நாலாவதில் விழுந்தான். ஐந்தாவதில் நின்றான்.

திண்ணைக்கு வந்ததும் நாலாவது துண்டைப் பையனே கேட்டு வாங்கிக்கொண்டான். மூன்று தடவை ஓட்டினான். விழுந்த இடத்துக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொரு பிரேமாகப் பின்னால் வந்தான். பயிற்சியாளர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தார். மூன்றாம் விநாடியில் நிறுத்திச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டான். மஞ்சளில் ஒரு அம்பு. ஏதோ யோசித்து முன்னால் ஐந்து பிரேம், பின்னால் ஐந்து பிரேம் நகர்த்திப் பார்த்துவிட்டு வட்டத்தை அழித்தான். இரண்டு பிரேம் தள்ளி மறுபடி போட்டான்.

நான் செங்கற்பட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன். பையனுடைய அப்பா தெருமுனை வரை கூட வந்தார். ஒர்க்‌ஷாப்காரரைப் பஸ் ஸ்டாண்டு பக்கம் பார்க்க நேர்ந்தால் ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

"என்ன சொல்லட்டும்?"

"முதல் தேதி வேணாம், போட்டி முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்லுங்க" என்றார், பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் படத்திலே நான் வெரல் வச்ச எடத்திலே வட்டம் போட்டாங்களே, அது கொஞ்சம் தள்ளிப் போச்சு ஸார். ஒரு சாண் வடக்கே போட்டிருக்கணும்" என்றார்.